முதல் வரியில் அசல் 4,492 ரூபாய்

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். வீட்டுக்கடன் 30 லட்சம், வட்டி 9 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 26,992 ரூபாய். முதல் மாத வரியில் Interest என்ற பத்தியில் 22,500, Principal என்ற பத்தியில் வெறும் 4,492. கீழே அவன் எழுதியிருந்தது: "மாமா, வட்டியை எல்லாம் முதல்லயே எடுத்துக்கறாங்க, அசலைத் தொடவே மாட்டேங்கறாங்க."

நம்பிக்கை: வட்டி மொத்தத்தையும் வங்கி முதல் வருடங்களிலேயே வசூலித்துவிடுகிறது.

உண்மை: எந்த மாதமும் அந்த மாத வட்டிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வட்டியாக எடுப்பதில்லை. வருடத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.75 சதவீதம். பாக்கி 30 லட்சத்துக்கு அது 22,500. தவணையில் மிஞ்சுகிற 4,492 அசலில் கழிகிறது. அடுத்த மாதம் பாக்கி 29,95,508. அதற்கு வட்டி 22,466. சுமார் 34 ரூபாய் குறைகிறது, அந்த 34 ரூபாயும் அசல் பக்கம் போய்ச் சேருகிறது. 240 வரிகளிலும் நடப்பது இந்த ஒரே கணக்குதான். பாக்கி பெரிதாக இருப்பதால்தான் வட்டியும் பெரிதாக இருக்கிறது.

ஆனால் அவன் மனவருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தக் கணக்கு மிக மெதுவாகத்தான் திரும்புகிறது. முதல் வருடம் அவன் கட்டுவது ஏறக்குறைய 3.24 லட்சம், அசலில் குறைவது சுமார் 56,000 மட்டுமே. அசல் பங்கு வட்டிப் பங்கை முந்துவது 149ஆவது தவணையில், அதாவது பன்னிரண்டு வருடம் தாண்டி. கடன் பாதியாகக் குறைய 14 வருடம் ஆகிறது.

நம்பிக்கை: ஒன்றிரண்டு லட்சம் பார்ட் பேமென்ட் கட்டி என்ன ஆகப்போகிறது?

அட்டவணையில் விரலை வைத்துப் பார்த்தால் விடை தெரியும். மூன்று வருடம் முடிந்ததும், 36ஆவது வரியில் பாக்கி சுமார் 28.15 லட்சம். அங்கே 2 லட்சம் கட்டினால் பாக்கி 26.15 லட்சம். இதே தொகை அட்டவணையில் எங்கே வருகிறது என்று கீழே தேடுங்கள்: கிட்டத்தட்ட 66ஆவது வரியில். தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், இடையிலுள்ள 30 வரிகளைத் தாண்டிக் குதித்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த 30 வரிகளில் அசலாக இருந்த தொகையைத்தான் நாம் கட்டினோம். அவற்றின் வட்டிப் பத்தியில் இருந்த 6 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை இனி வரவே வராது. கடன் இரண்டரை வருடம் முன்னதாக முடிகிறது.

இதே 2 லட்சத்தைப் பதினைந்து வருடம் முடிந்தபின் கட்டினால் மிச்சமாவது ஏறக்குறைய 1 லட்சம். அது வீண் என்று சொல்ல மாட்டேன். அப்போதும் அந்தப் பணம் 9 சதவீத வட்டியைத்தான் தடுக்கிறது, தடுக்க மிஞ்சியிருக்கும் மாதங்கள்தான் குறைவு.

இங்கே பலர் கவனிக்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்ற கேள்வி. நம் கணக்கில் காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால் அது சுமார் 25,074 ஆகும். மாதம் 1,900 ரூபாய் கையில் நிற்கும், ஆனால் மொத்த வட்டியில் மிச்சம் 1.9 லட்சம்தான். சம்பளம் நெருக்கடியில் இருப்பவருக்கு அதுவே சரியாகவும் இருக்கலாம். காலத்தைக் குறைக்க வேண்டுமென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்கள்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு வங்கிகள் இந்தக் கட்டணம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை மட்டும் இதில் போடாதீர்கள். போட்ட பணத்தைச் சாதாரணக் கடனிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

கட்டிய பிறகு புது அட்டவணையை இறக்கிக்கொள்ளுங்கள். பழைய ஸ்கிரீன்ஷாட் இனி செல்லாது. வட்டி விகிதம் மாறினாலும் அப்படித்தான். 37ஆவது வரியின் வட்டியைப் பாருங்கள். பழைய அட்டவணையில் அது 21,114. 2 லட்சத்துக்கு மாத வட்டி 1,500 என்பதால் புதியதில் 19,614 பக்கம் இருக்க வேண்டும். மாத நடுவில் கட்டியிருந்தால் முழு வித்தியாசம் அதற்கடுத்த மாதம்தான் தெரியும். அப்போதும் வட்டி குறையவில்லை என்றால், உங்கள் பணம் அசலில் கழியாமல் வருங்காலத் தவணைக்கான முன்பணமாக வரவு வைக்கப்பட்டிருக்கலாம். அந்த வாரமே கிளைக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள்.