மறுமொழி மரபு

புதுவை நகரின் கடற்கரையை ஒட்டிய தெருக்கள் பல இன்றும் பிரெஞ்சுப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. 1954-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் அந்நகரின் ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது; 1962-இல் ஒப்பந்தம் நிறைவேறி இணைப்பு முழுமை பெற்றது. ஆட்சி மாறினும் மொழி மறையவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களும், பிரான்சிலிருந்து வந்து செல்வோரும் அங்கே உளர். 1889-இல் தொடங்கப்பெற்ற அலியான்ஸ் பிரான்சேஸ் என்னும் நிலையத்தில் இன்றும் மாணவர் பலர் பிரெஞ்சு பயில்கின்றனர்.

புதிதாகப் பயில்வோர் இடர்ப்படுவது கடினமான இலக்கண விதிகளில் மட்டும் அன்று. வினைச்சொல்லின் வேறுபாடுகளை மனப்பாடமாக ஒப்பிப்பவனும், யாரேனும் ஒருவர் முகமலர்ந்து ஒரு சொல் கூறியவுடன் என்ன விடை சொல்வது என்று அறியாது விழிப்பதுண்டு. வினாவுக்கு விடை தேடலாம். வினாவே இல்லாத இன்சொல்லுக்கு எதைத் தேடுவது?

பயிலத் தொடங்கி இரண்டு திங்களே ஆன மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய ஆசிரியர் அவனைத் தெரிந்த குடும்பம் ஒன்றின் இல்லத்திற்கு அழைத்துச் செல்கிறார். வீட்டிற்குரிய மூதாட்டியார் வாயிலில் வந்து கைகொடுத்து, "ஆன்ஷாந்தே" என்கிறார். உம்மைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்பது அதன் கருத்து. அச்சொல்லின் வரலாறு சுவையானது. பாடுதல் என்னும் பொருளுடைய வினையினின்று, மந்திரம் பாடி மயக்குதல் என்னும் வினை பிறந்தது; அதன்வழி வந்ததே இது. ஆகவே சொல்லளவில் 'நான் மயங்கினேன்' என்று பொருள்படும். அந்த மயக்கம் தேய்ந்து வெறும் முகமனாகி நெடுங்காலம் ஆயிற்று.

மாணவன் "மெர்சி" என்கிறான். 'நன்றி' என்னும் அச்சொல் ஒன்றே அவன் நாவில் எளிதில் வருவது. ஆனால் மூதாட்டியார் அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவனைப் புகழவும் இல்லை. தம் மகிழ்ச்சியைச் சொன்னார். அதற்கு ஈடாக அவனுடைய மகிழ்ச்சியை எதிர்பார்த்தார். நன்றி கூறியதால் அவன் அவர் மகிழ்ச்சியைப் பெற்றுக்கொண்டான். தன்னுடையதைத் திருப்பித் தரவில்லை. அவன் அவ்விடத்தில் "ஆன்ஷாந்தே" என்று அதே சொல்லைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அல்லது "முவா த மேம்" என்றிருக்கலாம். 'எனக்கும் அவ்வாறே' என்பது அது. மூத்தோர்முன் சொல்லுதற்கு இது மிகவும் பொருந்தும். சொல்பவர் பெண்ணாயின் 'ஆன்ஷாந்தே' என்னும் சொல்லின் இறுதியில் எழுத்தில் ஓர் எழுத்து மிகும். ஒலியில் வேறுபாடு இல்லை. எனவே பேசும்போது அதுபற்றி அஞ்சவேண்டுவதில்லை. மடல் எழுதும்போதுதான் நினைவு வேண்டும்.

அடுத்து அவர், "கொமான் தாலே வூ?" என்று நலம் வினவுகிறார். தமிழன் தன் உள்ளத்தில் 'நான் நலமாக இருக்கிறேன்' என்று எண்ணி, 'இரு' என்னும் வினைக்குரிய பிரெஞ்சுச் சொல்லை எடுத்து, "ழ சுயி பியேன்" என்று சொல்லிவிடுகிறான். பிழை இங்கேதான் நேர்கிறது. அத்தொடர் பிரெஞ்சில் இல்லாதது அன்று. ஆயின் 'இவ்விடத்தில் எனக்கு வசதியாக இருக்கிறது' என்பது போன்ற வேறு கருத்தையே பெரும்பாலும் தரும். பிரெஞ்சு மொழியில் உடல்நலம் 'செல்லுதல்' என்னும் வினையால் சொல்லப்படுகிறது. வினாவே 'எவ்வாறு செல்கிறீர்?' என்றுதான் அமைந்துள்ளது. ஆதலின் விடையும் "ழ வே பியேன்", அதாவது 'நன்கு செல்கிறேன்' என்று வருதல் வேண்டும். வினாவில் வந்த வினையே விடையிலும் வரும் என்று கொண்டால் இங்கே தவறு நேராது. பின்னர், "மெர்சி, ஏ வூ?" என்று சேர்த்தல் மரபு. நன்றி, தாங்கள் எவ்வாறு என்பது பொருள். நன்றிச் சொல்லுக்கு உரிய இடம் இதுவே; நம் நலத்தில் ஒருவர் கருத்துக் காட்டினார் அல்லவா! இங்கு 'வூ' என்பது 'நீங்கள்' என்பதைப் போன்ற மதிப்புச் சொல். 'நீ' என்பதற்கு ஈடான சொல்லும் அம்மொழியில் உண்டு. அதை மூதாட்டியாரிடம் வழங்கினால் அவர் முகம் சிறிது மாறக்கூடும்.

அனைவரும் அமர்கின்றனர். மூதாட்டியார் காப்பி வேண்டுமா என்று கேட்கிறார். மாணவனுக்கு வேட்கை மிகுதி. அவன் புன்முறுவலுடன் மீண்டும், "மெர்சி" என்கிறான். அவர் தலையசைத்துவிட்டு, கோப்பையை அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறார். மாணவனுக்குக் காப்பி கிடைக்கவில்லை! காரணம் இது: ஒன்றைக் கொள்ளுமாறு கேட்கும்போது தனியே 'மெர்சி' என்றால், 'வேண்டா, நன்றி' என்றே பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் கொள்வர். கையையும் சிறிது உயர்த்திவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. வேண்டுமாயின், "உயி" என்னும் உடன்பாட்டுச் சொல்லை முன்வைத்து "உயி, மெர்சி" எனல் வேண்டும். அல்லது 'விருப்புடன்' என்று பொருள்படும் "வொலோந்தியே" என்னும் சொல்லைக் கூறலாம். வேண்டாவிடின் "நோன், மெர்சி" என்பது தெளிவு. கோப்பை கைக்கு வந்த பிறகு சொல்லும் 'மெர்சி' மறுப்பாகாது. அது உண்மையான நன்றியே. அப்போது கொடுத்தவர், "ழ வூ ஸான் ப்ரீ" என்றோ, "த ரியேன்" என்றோ விடை கூறுவார். முன்னது மதிப்பு மிக்கது. பின்னது 'இதில் ஒன்றுமில்லை' என்னும் எளிய சொல்.

சிற்றுண்டி வரும்போது, "பொனாப்பெத்தீ" என்கிறார் மூதாட்டியார். நன்கு பசித்து உண்க என்பது அது. உடன் அமர்ந்து உண்பவர்க்கு, "மெர்சி, வூ ஸொசி", அதாவது 'தங்களுக்கும்' என்று சொல்லலாம். ஆனால் உணவு விடுதியில் பரிமாறும் பணியாளர் அதே சொல்லைக் கூறினால், 'உங்களுக்கும்' என்பது பொருந்தாது. அவர் உண்ணப் போவதில்லையே. அங்கு 'மெர்சி' மட்டும் போதும். விடைபெறும் வேளையில் நல்ல நாளாக அமைக என்று வாழ்த்தினால், 'தங்களுக்கும்' என்பது எங்கும் பொருந்தும். நாள் இருவருக்கும் உண்டு.

இடர்ப்பாடு ஒருபுறத்தார்க்கே உரியது அன்று. தமிழ் பயிலும் பிரெஞ்சுக்காரர் புதுவைத் தெருவில் நண்பரைக் காண்கிறார். "சாப்பிட்டீர்களா?" என்று அவர் கேட்கிறார். இவர் அதை விருந்துக்கு அழைப்பு என்று கருதி, இன்னும் இல்லை, எப்போது வரலாம் என்று கேட்டுவிடுகிறார்! பல வேளைகளில் அது நலம் வினவும் சொல்லே, "ஆயிற்று, நீங்கள்?" என்பதே அதற்கு விடை. மற்றொரு நாள் நண்பர் "போய் வருகிறேன்" என்று விடைபெற, இவர் எப்போது திரும்புவார் என்று காத்து நிற்கிறார். போகிறேன் என்று மட்டும் சொல்லுதலைத் தமிழர் விரும்புவதில்லை. ஆகவே 'வருகிறேன்' என்பதைச் சேர்த்துச் சொல்வர். அதற்கு மறுமொழி, "நல்லது, போய் வாருங்கள்" என்பதாகும்.