சீட்டு வீடு மூன்றாம் மாடியில் ஏன் சரிகிறது?

சீட்டுக்கட்டை எடுத்தாலே வீட்டில் முறைப்பாங்க. இந்தத் தடவை பயமில்லாம எடுங்க, நாம சூதாடப் போறதில்லை, வீடு கட்டப் போறோம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற எனக்கு, வகுப்பில் படித்த விசைகளை வீட்டு மேசை மேலேயே காட்டுற பொருள் இதுதான்.

ஒரு கேள்வியோடு தொடங்குவோம். இரண்டு சீட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்துக் கூடாரம் போல நிறுத்தினால் நிற்குது. அதே கூடாரத்தின் மேல் இரண்டு மாடி ஏற்றினால், பல நேரம் அடிச் சீட்டு வெளியே வழுக்கிடுது. பாரம் கூடினா சீட்டு மேசையை இன்னும் அழுத்தமா பிடிக்கணும் இல்லையா? அப்புறம் ஏன் வழுக்குது?

முதலில் கூடாரத்தைப் பார்ப்போம். சாய்ந்திருக்கும் ஒவ்வொரு சீட்டும் கீழே விழப் பார்க்குது. உச்சியில் இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் விழாமல் நிற்குது. ஆனால் அந்தத் தள்ளல் அடிப்பக்கத்தை வெளியே உதைக்குது. அந்த உதையைத் தடுப்பது மேசையின் உராய்வு மட்டும்தான்.

உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. அடியில் எவ்வளவு எடை அழுத்துகிறதோ அதில் ஒரு பங்குதான் அது தாங்கும். வழவழப்பான மேசையில் அந்தப் பங்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். இதை உராய்வு எண் என்று சொல்லலாம்.

இப்போ முக்கியமான விஷயம். சீட்டின் சொந்த எடை அதன் நடுவில் இருக்கு. அதனால் வெளியே உதைக்கும் கணக்கில் அதில் பாதிதான் சேரும். மேல் மாடியின் பாரமோ சீட்டின் உச்சியில் உட்காருது. அது உதைக்கும் கணக்கில் முழுசா சேரும். ஆனா மேசையை அழுத்துறதில் இரண்டுமே முழுசாத்தான் சேருது. ஆக, மாடி ஏற ஏற உராய்வும் கூடும், உதை அதைவிட வேகமாகக் கூடும். நம்ம கேள்விக்குப் பதில் இதுதான்.

எண்களில் பார்ப்போம். சாதாரண சீட்டின் நீளம் சுமார் 88 மில்லிமீட்டர். உராய்வு எண் 0.2 என்றால், தனிக் கூடாரத்தின் இரண்டு அடிகளுக்கும் இடையே சுமார் 65 மில்லிமீட்டர் வரை விரிக்கலாம்.

அடுத்து மூன்று மாடி. கீழே மூன்று கூடாரம், நடுவில் இரண்டு, மேலே ஒன்று, இடையில் படுக்கைச் சீட்டு மூன்று. மொத்தம் 15 சீட்டு. மேலே உள்ள 9 சீட்டுகளின் எடையில் ஓரக் கூடாரம் ஒவ்வொன்றும் இரண்டேகால் சீட்டு எடையைச் சுமக்குது. நடுக் கூடாரத்துக்கு அதைப்போல இரு மடங்கு. ஆனால் நடுவில் அடிகள் பக்கத்துக் கூடாரத்தின் அடிகளோடு முட்டி நிற்பதால், உதைகளில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இரண்டு ஓரத்து வெளி அடிகளுக்குத்தான் துணை இல்லை. அங்கே கணக்குப் போட்டால், விரிப்பின் எல்லை 65-லிருந்து சுமார் 45 மில்லிமீட்டராகக் குறைஞ்சிடுது. அதாவது 55 மில்லிமீட்டருக்கு விரித்த கூடாரம் தனியா நிற்கும், மூன்று மாடி ஏறினா வழுக்கும்.

அப்படின்னா ரொம்ப ஒடுக்கி, செங்குத்தா நிறுத்திடலாமே? அதிலும் சிக்கல் இருக்கு. அடி குறுகினால் பக்கத்திலிருந்து லேசாகக் காற்று பட்டாலே ஆட்டம் காணும். இந்த மேசைக்கு 40 மில்லிமீட்டர் அளவு நல்ல நடுவழி.

உங்க மேசையின் எண்ணைக் கண்டுபிடிக்க, அதே மாதிரி மேற்பரப்புள்ள தட்டில் ஒரு சீட்டைப் படுக்க வைத்து, தட்டின் ஒரு முனையை மெதுவா தூக்குங்க. சீட்டு வழுக்கும் நேரத்தில் முனையின் உயரத்தைத் தரையில் அளந்த நீளத்தால் வகுங்க. 30 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர் உயர்ந்தால் 0.2. சீட்டின் முகமும் விளிம்பும் ஒரே மாதிரி வழுக்காது, அதனால் இது தோராயம்தான். துணி விரிப்பில் 0.4 கிடைத்தால், அதே மூன்று மாடிக்கு 80 மில்லிமீட்டர் வரை இடம் கிடைக்கும். புதுச் சீட்டைவிடப் பழைய, பளபளப்பு போன சீட்டு நல்லா நிற்பதும் இதனால்தான்.

வீடு விழும்போதும் கவனிங்க. ஓர அடி முதலில் வெளியே நழுவினால் உராய்வு போதவில்லை. விரிப்பைக் குறைங்க, அல்லது துணி போடுங்க. அடி அசையாமல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ரொம்ப ஒடுக்கிவிட்டீங்க.

உயரமா கட்டுறவங்க கூடாரத்தையே விட்டுடுறாங்க. அமெரிக்கரான பிரையன் பெர்க் 2007-இல் டல்லாஸில் பசையோ மடிப்போ இல்லாமல் 7 மீட்டருக்கும் மேல் கட்டினார். அவர் நான்கு சீட்டுகளைச் செங்குத்தாக, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் முகத்தில் முட்டும்படி ஒரு சதுர அறையாக நிறுத்தி, அப்படிப்பட்ட அறைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்ப்பார். சாய்வு இல்லாததால் பாரம் நேராகக் கீழே இறங்குது, வெளியே உதைக்க எதுவும் இல்லை. அங்கே உராய்வின் வேலை சீட்டு திரும்பாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான்.

நான்கு சீட்டில் அந்த அறையைக் கட்டி, மேலே படுக்கைச் சீட்டு ஒன்று வைத்து, அதன் மேல் மீதிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பாருங்க. பிறகு அதையே கூடாரத்தின் மேல் செய்யுங்க. எது எத்தனை சீட்டு வரை தாங்குதுன்னு எண்ணி எழுதி வைங்க.