சோலார் ஆப்பில் சீன எழுத்தா? பதறாம உட்காரு, அக்கா சொல்றேன்

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் பக்கமெல்லாம் இப்போ மொட்டை மாடியில் பேனல் ஏறிக்கிட்டே இருக்கு. 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம்னு சொன்னதும் நடுத்தரக் குடும்பங்களும் துணிஞ்சு இறங்கிட்டாங்க. மானியம் வேணும்னா பேனல் இந்தியாவில் செய்ததா இருக்கணும். இன்வெர்ட்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் மாடியில் இருக்கிறது நம்ம நாட்டுப் பேனல், சுவரில் தொங்குறது பல வீடுகளில் சீனப் பெட்டி. அதோட ஆப்பும் அங்கிருந்தே வருது. சிலருக்கு முதல் நாளே இங்கிலீஷில் திறக்கும், சிலருக்கு முழுக்கச் சீன எழுத்தில் நிக்கும். "ஆள் வந்து பார்த்துக்குவான்"னு மூடி வச்சிடாதே. ஒரு பகல் பொழுது போதும், நீயே பார்த்துக்கலாம்.

1. வெயில் இருக்கும்போது ஆரம்பி

ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி எட்டு மணிக்கு போனும் கையுமா இன்வெர்ட்டர் முன்னாடி நிக்காதே. பேட்டரி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர் பெரும்பாலும் பேனல் கரண்ட்லதான் விழிச்சிருக்கும். சூரியன் போனா அது தூங்கும், அதில் செருகியிருக்கிற வைஃபை ஸ்டிக்கும் தூங்கும். ராத்திரி என்ன தட்டினாலும் இணையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வச்சுக்கோ.

2. ஆப்பை ப்ளே ஸ்டோரிலிருந்து எடு

பெட்டியில் ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடு சில சமயம் சீனத் தளத்துக்குக் கொண்டுபோய் விடும், அங்கே இறக்கினா சீனப் பதிப்புதான் வரும். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்புற ஃபைலைத் தொடவே தொடாதே. பெட்டியில் என்ன கம்பெனின்னு பார். க்ரோவாட்னா `ShinePhone`, சோலிஸ்னா `SolisCloud`, சன்க்ரோன்னா `iSolarCloud`. பெயரை அப்படியே அடிச்சுத் தேடு.

3. கணக்கு உன் பெயரில் இருக்கணும்

பேனல் மாட்டின ஆள் தன்னோட ஐடியில் பதிஞ்சு, பாஸ்வேர்டை உனக்குச் சொல்லிட்டுப் போயிடுவார். அப்போதைக்கு வசதியாத்தான் தெரியும். நாளைக்கு அவர் நம்பரை மாத்திட்டார்னா உன் வீட்டுக் கணக்கு அவரோட போயிடும். பாக்கிப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே, உன் மெயில் ஐடியை உரிமையாளரா சேர்க்கச் சொல்லு.

நீயே பதியிறதா இருந்தா ரெண்டு இடத்தில் கவனம் வேணும். நாடு எதுன்னு கேட்கும்போது அவசரத்தில் சீனாவை விட்டுட்டு அடுத்த பக்கம் போகாதே, இந்தியாவைத் தேடி வை. சில ஆப்களில் சீன சர்வர் தனி, வெளிநாட்டு சர்வர் தனி. ஒன்றில் பதிஞ்ச கணக்கு இன்னொன்றில் தெரியாது. அப்புறம் சீரியல் நம்பர். இன்வெர்ட்டர் உடம்பில் ஒரு நம்பர், வைஃபை ஸ்டிக்கில் இன்னொரு நம்பர். ஆப் முதலில் கேட்கிறது பெரும்பாலும் ஸ்டிக் நம்பரை. ரெண்டு ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வச்சுக்கோ. வெயிலில் எழுத்து மங்கிடும்.

4. வைஃபை இணைக்கும்போது

இந்த ஸ்டிக்குகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் ஒத்துவரும். உன் ரூட்டர் ரெண்டு பெயர் காட்டினா 5G-ன்னு வால் இல்லாத பெயரை எடு. ஸ்டிக்கோட சொந்த வைஃபையில் போனை இணைச்சதும் "இன்டர்நெட் இல்லை"ன்னு எச்சரிக்கை வரும், உடனே போன் தானாவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும். நிறைய பேர் இங்கேதான் மாட்டிக்கிட்டு "ஸ்டிக் பழுது"ன்னு புகார் கொடுப்பாங்க. அந்த அஞ்சு நிமிஷம் மொபைல் டேட்டாவை அணைச்சு வை, போதும்.

5. மொழியை மாத்திப் பார்

கீழ்வரிசையில் கடைசி வலது பக்கம் `我的` இருக்கும், அது உன் கணக்குப் பக்கம். அதுக்குள்ளே பல்சக்கரப் படமோ `设置` என்ற சொல்லோ இருக்கும். அதில் `语言`-ஐத் தட்டினா `English` வரும். போனையே தமிழில் வச்சிருந்தா, தமிழ் தெரியாத ஆப் தன் இஷ்டத்துக்கு ஒரு மொழியை எடுத்துக்கலாம். போன் மொழியை இங்கிலீஷுக்கு மாத்திட்டு ஆப்பை மூடித் திறந்து பார்.

மொழி தேடுற சாக்கில் கண்டதைத் தட்டாதே. `删除` என்றால் அழி, `关机` என்றால் அணை, `恢复出厂` என்றால் எல்லாத்தையும் ஃபேக்டரி நிலைக்குத் திருப்பு. இந்த மூணையும் பார்த்தா விரலை எடுத்துடு.

6. மொழி மாறலையா? எண்ணுக்குப் பக்கத்து எழுத்தைப் பார்

இதுதான் முக்கியமான இடம், நிதானமா படி. சேலையூர்ல ஒரு 3 கிலோவாட் வீடுன்னு வச்சுக்கோ. 540 வாட் பேனல் ஆறு. மத்தியானம் ஒரு மணிக்கு ஆப் இப்படிக் காட்டுது:

```
装机容量    3.24 kWp
当前功率    2.31 kW
今日发电量  8.6 kWh
累计发电量  4,352 kWh
```

சீன எழுத்தை மறந்துட்டு வலது பக்க அளவை மட்டும் பார். `kW`-ன்னு முடிஞ்சா அது இந்த நிமிஷத்து வேகம், அதாவது பவர். பின்னாடி ஒரு `h` ஒட்டியிருந்தா அது சேர்ந்த கணக்கு, நம்ம கரண்ட் பில்லில் வர்ற அதே யூனிட். `p` ஒட்டியிருந்தா பேனலோட மொத்தத் திறன். 540ஐ ஆறால் பெருக்கினா 3,240 வாட், அது என்னைக்கும் மாறாது.

ஆக, இந்த வீட்டில் இப்போ 2.31 கிலோவாட் ஓடுது. இதே வேகம் ஒரு மணி நேரம் நின்னா 2.31 யூனிட் சேரும். காலையிலிருந்து இதுவரை 8.6 யூனிட் ஆகியிருக்கு. போட்ட நாள் முதல் மொத்தம் 4,352. நம்ம ஊரில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சராசரி நாலு யூனிட்னு பேனல் போடுறவங்க கணக்கு சொல்லுவாங்க. அப்படின்னா இந்த வீட்டுக்குத் தினம் 12, 13 யூனிட். 4,352-ன்னா ஏறக்குறைய ஒரு வருஷ உழைப்பு. போட்டு அவ்வளவு நாள்தான் ஆச்சுன்னா கணக்கு சரி. "3 கிலோவாட் போட்டேன், 2.31தான் வருது, ஏமாத்திட்டாங்க"ன்னு சண்டைக்குப் போகாதே. சூட்டிலும் தூசியிலும் பேனல் முழுத் திறனைத் தராது.

எழுத்திலேயே பழகணும்னா கடைசி ரெண்டை மட்டும் பிடிச்சுக்கோ. `功率` என்றால் பவர், `电量` என்றால் யூனிட். `电量`க்கு முன்னாடி `日` வந்தா இன்னைக்கு, `月` வந்தா இந்த மாசம், `年` வந்தா வருஷம், `累计` வந்தா மொத்தம்.

ஒரு பொறி இருக்கு, கவனி. மொத்தக் கணக்கு பெருசானதும் சில திரைகள் `万` போட்டுச் சுருக்கிடும். `万` என்றால் பத்தாயிரம். `1.24万kWh` என்றால் 12,400 யூனிட். `MWh` வந்தா ஆயிரத்தால் பெருக்கு, 4.35 என்றால் 4,350 யூனிட். சில இடத்தில் `kWh`க்குப் பதிலா `度` இருக்கும், அதுவும் யூனிட்தான்.

இன்னும் சந்தேகமா? சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பப் பார். பவர் பூஜ்ஜியமாகியிருக்கும். இன்னைய யூனிட் அப்படியே நிக்கும், காலையில் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும். மொத்தம் எப்பவும் குறையவே குறையாது. எந்த எண் எப்படி நடந்துக்குதுன்னு ஒரு நாள் பார்த்தாலே எது எதுன்னு தெரிஞ்சுடும்.

7. ஆப் கணக்கும் ஈபி கணக்கும் ஒத்துப்போகாது, போகவும் கூடாது

ரெண்டு மாச ரீடிங் வந்ததும் நிறைய வீட்டில் நடக்கிற கலாட்டா இது. ஆப் 720 யூனிட் உற்பத்தின்னு காட்டுது, நெட் மீட்டரில் எக்ஸ்போர்ட் 480தான் இருக்கு. "240 யூனிட்டை ஈபி முழுங்கிடுச்சு!" யாரும் முழுங்கலை தாயே. பகலில் ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் அந்த 240ஐ வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டுடுச்சு. மீட்டருக்குப் போறது மிச்சம் மட்டும்தான்.

அதே ரெண்டு மாசத்தில் ராத்திரிக்கு ஈபியிலிருந்து எடுத்தது, அதாவது இம்போர்ட், 560ன்னு வச்சுக்கோ. அப்போ வீட்டோட உண்மையான செலவு 560ம் 240ம் சேர்த்து 800 யூனிட். ஈபி கணக்கில் நிக்கிறது 560லிருந்து 480 போக 80 யூனிட். ஆப்பில் இருக்கிற 720 இந்தக் கழித்தலில் எங்கேயுமே வராது.

ரீடிங் எடுக்கிற அன்னைக்கு நீயும் ஆப்பில் மொத்தத்தைக் குறிச்சு வை. மாசக் கணக்கை நம்பிச் சரிபார்க்காதே. ஆப்புக்கு மாசம் ஒண்ணாம் தேதி பிறக்கும், ஈபிக்கு ரீடிங் தேதியில் பிறக்கும். உன் ஆப்பில் `上网电量` (ஈபிக்குப் போனது), `购电量` (ஈபியிலிருந்து வாங்கினது) ரெண்டும் எப்பவும் பூஜ்ஜியமாவே இருந்தா பயப்படாதே. அதை அளக்கிற தனிச் சின்ன மீட்டர் உன் வீட்டில் மாட்டலை, அவ்வளவுதான்.

8. பகலிலேயே பூஜ்ஜியம் காட்டினா

முதலில் `离线` என்று இருக்கான்னு பார். அதுக்கு அர்த்தம் ஆஃப்லைன். பேனல் வேலை செய்யுது, செய்திதான் வரலை. பெரும்பாலும் நீ வைஃபை பாஸ்வேர்டை மாத்தியிருப்பே, இல்லை ரூட்டர் கீழே ஹாலில், இன்வெர்ட்டர் மாடியில்னு சிக்னல் எட்டியிருக்காது. இணைப்பு திரும்பினதும் மொத்த எண் சரியாகிடும், ஏன்னா அதை இன்வெர்ட்டரே தனக்குள்ளே வச்சிருக்கும்.

ஆன்லைன்ல இருந்தும் பவர் பூஜ்ஜியம்னா ஈபி கரண்ட் இருக்கான்னு பார். பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர், ஈபி போனா தானும் நின்னுடும். கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேன் உயிருக்காக வச்ச ஏற்பாடு அது. பராமரிப்புன்னு பகல் முழுக்க ஷட்டவுன் போடுற நாளில் கிராஃபில் பள்ளம் விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலப்போ தென்சென்னையில் நாள்கணக்கா கரண்ட் இல்லாத இடங்களில் இந்த மாதிரி இன்வெர்ட்டரும் சும்மாதான் இருந்திருக்கும். ஈபி இருந்தும் பூஜ்ஜியம், கூடவே `故障` என்றும் வந்தா அது பழுது. பக்கத்தில் இருக்கிற எண்ணோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாட்டின ஆளுக்கு அனுப்பு. "வேலை செய்யலை"ன்னு மட்டும் போன்ல சொன்னா அவரும் என்னன்னு கண்டுபிடிப்பார்?

கிராஃபோட உச்சி எங்கே இருக்குன்னும் ஒரு தடவை பார்த்துடு. நம்ம ஊரில் அது மத்தியானம் 12 மணியை ஒட்டி இருக்கணும். ரெண்டரை மணிக்கு மேல் உச்சி காட்டினா ஆப் சீன நேரத்தில் ஓடுது. நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. ஸ்டேஷன் அமைப்பில் நேர மண்டலத்தை `UTC+05:30`-ன்னு மாத்தி வை, மறுநாளிலிருந்து கோடு ஒழுங்கா நிக்கும்.