புதுச் சரக்குக்கு இடம் கொடுக்கலாமா?

ஒரு கம்பெனி ஏஜெண்டு சிப்ஸ் பெட்டியோடு வருகிறார். "பெட்டி 1,000 ரூபாய், 70 ரூபாய் நிற்கும் அண்ணாச்சி" என்கிறார். நூற்றுக்கு 7. நம்முடைய துவரம் பருப்பிலோ மூட்டைக்கு 5,000 போட்டு 130தான் மிஞ்சுகிறது. வத்தலில் 4,000 போட்டு 170. உடனே சரி என்று சொல்லத் தோன்றும். அதற்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு நம் முதல் 10 லட்சம், கிட்டங்கி 840 சதுர அடி. பருப்பு மூட்டைக்கு 2 அடியும், வத்தல் மூட்டைக்கு 6 அடியும் பிடிக்கும். மாதம் பருப்பு 120, வத்தல் 100 மூட்டை வாங்கி விற்றால் முதலும் இடமும் சரியாகத் தீர்ந்துவிடும். இந்த இரண்டு சரக்கில் இதுவே அதிக லாபம். மொத்தம் 32,600 ரூபாய்.

இனி, முதலில் ஆயிரம் ரூபாயும் இடத்தில் ஓர் அடியும் மாதம் எவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கின்றன? இதற்கு 'நிழல் விலை' என்று பெயர். பருப்பில் 5 ஆயிரமும் 2 அடியும் சேர்ந்து 130 தருகின்றன. வத்தலில் 4 ஆயிரமும் 6 அடியும் சேர்ந்து 170. பருப்புக் கணக்கை மூன்றால் பெருக்கி வத்தலைக் கழியுங்கள்: 11 ஆயிரத்துக்கு 220. ஆக, ஆயிரத்துக்கு 20 ரூபாய். அடிக்கு 15 ரூபாய்.

சிப்ஸ் பெட்டி 4 அடி பிடிக்கும். முதலுக்கு 20, இடத்துக்கு 60, ஆக 80 ரூபாய் வாடகை. வருவதோ 70. பெட்டிக்குப் 10 ரூபாய் நஷ்டம்!

நம்பிக்கை இல்லையென்றால் சரிபாருங்கள். 22 பெட்டி ஏற்ற, வத்தலில் 18 மூட்டை குறைத்துப் பருப்பில் 10 கூட்ட வேண்டும். அப்போதுதான் முதலும் இடமும் சரியாகும். வரவு 1,540-ம் 1,300-ம், இழப்பு 3,060. நிகரம் 220 குறைவு.

ஆனால் சிப்ஸ் 15 நாளில் விற்றுத் தீர்ந்து, அதே இடத்தில் அடுத்த பெட்டி ஏறுமானால் வாடகை பாதிதான், 40 ரூபாய். அப்போது பெட்டிக்கு 30 மிச்சம், தாராளமாக வாங்கலாம். ஆகவே ஏஜெண்டிடம் கேட்க வேண்டியது கமிஷன் மட்டுமல்ல. பெட்டியின் அளவும், எத்தனை நாளில் நகரும் என்பதும்தான்.

இரண்டு எச்சரிக்கை. கிட்டங்கியில் எப்போதும் காலி இடம் கிடந்தால் இடத்தின் நிழல் விலை பூஜ்யம். அடிக்கு 15 போடக்கூடாது. அடுத்து, புதுச் சரக்கு ஏற ஏற வத்தல் குறைந்துகொண்டே வரும். அது முழுதும் தீர்ந்தபின் இந்த 20-ம் 15-ம் செல்லாது. புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.