கொடை வேண்டும் மடல்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு உதவி கேட்டு உள்ளூர் நிறுவனத்திற்கு எழுதும் மடல்களில் பெரும்பாலானவை புகழுரையில் தொடங்கி, ‘இயன்ற உதவி செய்க’ என்று முடிகின்றன. படிப்பவருக்கு எவ்வளவு, எதற்கு என்னும் இரண்டும் விளங்குவதில்லை. ஆகவே மடல் மேசையிலேயே தங்கிவிடுகிறது.

ஆம்பூரில் ஒரு பள்ளி, அவ்வூர்க் காலணி நிறுவனம் ஒன்றுக்கு எழுதுவதாகக் கொள்வோம். மாணவர் 120 பேர். மூவருக்கு ஒன்றாக 40 மாதிரிகள். முதலில் வரவு செலவைத் தீட்டுதல் வேண்டும். மாதிரி ஒன்றுக்கு ரூ.300 வீதம் பொருள்களுக்கு ரூ.12,000, பந்தல், மேசை வாடகை ரூ.8,000, மின் இணைப்பு ரூ.3,000, சிற்றுண்டி ரூ.3,000, பரிசும் சான்றிதழும் ரூ.4,000; ஆக ரூ.30,000. இதில் பந்தல், மின்சாரம், சிற்றுண்டி ஆகிய ரூ.14,000-ஐப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்கிறது. எஞ்சிய ரூ.16,000-ஐயே கேட்கிறோம். தம் பங்கை முதலில் சொல்பவரின் வேண்டுகோளுக்கே மதிப்பு மிகுதி.

இனி மடலின் நடுப்பகுதி:

‘மதிப்பிற்குரிய ஐயா, எம் பள்ளிக் கண்காட்சிக்கு ஆகும் ரூ.30,000-இல் ரூ.14,000-ஐ நாங்கள் திரட்டியுள்ளோம். மாதிரிப் பொருள்களுக்கும் பரிசுகளுக்கும் உரிய ரூ.16,000-ஐத் தாங்கள் வழங்கியுதவ வேண்டுகிறோம். பொருள் வாங்க வசதியற்ற மாணவரும் இதனால் தம் கையால் மாதிரி செய்வர். தொகையைப் பள்ளியின் பெயரில் காசோலையாக வழங்கலாம். கண்காட்சி முடிந்த 15 நாள்களில் பற்றுச்சீட்டுகளுடன் கணக்கு அனுப்புவோம்.’

மாணவர் பயனை ‘அறிவு வளரும்’ என்று எழுதினால் அது எந்த விழாவுக்கும் பொருந்தும். ஒரு மாதிரியையே காட்டுக: மணலும் மரக்கரியும் அடுக்கிய நீர் வடிகட்டி. கலங்கல் தெளிவதை மாணவர் கண்ணால் காண்பர். வடித்த நீரைச் சிறிது காய்ச்சி வற்றவைத்தால் உப்பு படிவதையும் காண்பர். கரைந்த உப்பை இவ்வடிகட்டி நீக்காது என்பது அப்போது விளங்கும். கடையில் வாங்கி வைத்த மாதிரி இதைக் கற்பிக்காது. நிறுவனத்தின் பணம் எந்த மாணவன் கையில் என்னவாகிறது என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டே உணர்த்திவிடும்.

ஓர் எச்சரிக்கை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் சமூகப் பொறுப்புச் செலவைக் கடமையாக்கியது, அது வரையறுத்த அளவை எட்டிய பெரிய நிறுவனங்களுக்கே. சிறு நிறுவனத்திடம் ‘தங்கள் கடமை’ என்று எழுதுவது தவறு. அது வேண்டுகோளாகவே இருத்தல் வேண்டும். அவ்வாறே, நன்றிப் பலகையில் பெயர் எழுதுவோம் எனலாம். விற்பனை பெருகும் என வாக்களித்தல் ஆகாது.

மடலைக் கண்காட்சிக்கு ஆறு வாரம் முன்னரே நேரில் சேர்ப்பிக்க வேண்டும். முழுத் தொகையும் கிட்டாவிடின் எதை விடுவது என்பதையும் முன்னரே முடிவு செய்க. பரிசை விடலாம், ரூ.300 பொருளை விட்டால், வசதியற்ற மூவர் மேசைக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்ப்பர்.