மாடி காலியாகும் நாளே கணக்கு முடியும் நாள்

மொட்டை மாடியில் செல்போன் கோபுரத்துக்கு இடம் விட்டு, இப்போது அதை முடித்துக்கொள்ள நினைக்கும் வீட்டுக்காரர்களுக்கு நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். நோட்டீஸ் காலம் முடியும் தேதியோடு கணக்கை முடித்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனிக்காரர்கள் அந்தத் தேதிவரை வாடகையைக் கணக்கிட்டு, ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்று ஒரு தாளோடு செக்கை நீட்டுவார்கள். பல மாத பாக்கி வந்துவிட்டதே என்ற நிம்மதியில் கையெழுத்தும் விழுந்துவிடும். ஆனால் சாமான்கள் மாடியிலேயே கிடக்கும். அவற்றை எடுக்கச் சொல்லி எத்தனை முறை கேட்டாலும், கணக்கு முடிந்த இடத்துக்கு ஆள் அனுப்ப அவர்களுக்கு எந்த அவசரமும் இருக்காது. வாடகையும் சாமானும் தனித்தனி விவகாரம் என்று அவர்கள் பேசுவதை ஏற்றுக்கொள்வதுதான் நமக்கு மிக அதிக நஷ்டம் தரும் தவறு.

சட்டம் இரண்டையும் பிரிக்கவில்லை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, குத்தகை முடிந்ததும் இடத்தை உரிமையாளர் வசம் ஒப்படைப்பது குத்தகைதாரரின் கடமை என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு. மாத வாடகை 20,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 ரூபாய், நோட்டீஸ் மார்ச் 31-இல் முடிகிறது, சாமான்கள் ஆகஸ்ட் 31-இல்தான் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கணக்குப்படி நீங்கள் 60,000 ரூபாய் திருப்பித் தர வேண்டும். என் கணக்குப்படி ஐந்து மாதம் இடத்தை அடைத்து வைத்ததற்கு அவர்கள் ஒரு லட்சம் தர வேண்டும். அட்வான்ஸைக் கழித்தால் உங்களுக்கு 40,000 ரூபாய் வர வேண்டும். ‘சிக்னலை நிறுத்திவிட்டோமே, பயன்படுத்தாத இடத்துக்கு எதற்கு வாடகை?’ என்று கேட்பார்கள். நாம் விட்டது இடத்தை, சிக்னலை அல்ல. ஜெனரேட்டர் நிற்கும் மாடியை இன்னொருவருக்கு விடவும் முடியாது, தளத்தைப் பழுது பார்க்கவும் முடியாது.

இந்த ஐந்து மாதப் பணத்தை எந்தப் பெயரில் வாங்குகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். குத்தகை முடிந்த பிறகு ‘வாடகை’ என்று வாங்கினால், அதே சட்டத்தின் 116-வது பிரிவைக் காட்டிக் குத்தகை மாதாமாதம் தொடர்கிறது என்று வாதிட இடம் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு தொகைக்கும், ‘குத்தகை முடிந்த பின் இடத்தை வைத்திருந்ததற்கான இழப்பீடாக மட்டுமே பெறுகிறேன்’ என்று ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். பழைய வாடகை பாக்கியைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் அவகாசம் என்பதால், இழுத்தடிப்புக்கு இடம் கொடுக்காதீர்கள்.

சாமான்கள் இறங்கிவிட்டன என்று எப்போது சொல்லலாம்? ஆன்டெனாவும் ரேடியோவும் பெரும்பாலும் செல்போன் கம்பெனியுடையவை. கம்பம், இரும்புச் சட்டம், ஜெனரேட்டர், பேட்டரி எல்லாம் பல இடங்களில் கோபுரக் கம்பெனியுடையவை. முதல் குழு வந்து போனதை ‘காலி செய்தாயிற்று’ என்று எழுதித் தராதீர்கள். கடைசியாக வருபவர்கள் போல்ட்டுகளை கேஸ் கட்டரால் தளமட்டத்தில் அறுத்துவிட்டுப் போவார்கள். மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும். உள்ளே நிற்கும் துண்டு துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து, அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காட்டும். அந்த இடத்தைக் கொத்தி, போல்ட்டைத் தளமட்டத்துக்குக் கீழே அறுத்து, சுருங்காத கிரௌட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். பிறகு பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். அவர்கள் பெயரில் உள்ள மின் இணைப்பை முடித்து, பாக்கி இல்லை என்ற ரசீதையும் வாங்குங்கள்.

‘இவ்வளவு எதற்கு, மாடிப்படியைப் பூட்டிவிட்டால் ஓடி வருவார்களே’ என்பவர்கள் உண்டு. நான் அதை ஒப்பவில்லை. பூட்டிய மறுநாளே, சாமானை எடுக்க வீட்டுக்காரர்தான் விடவில்லை என்று கடிதம் வரும். தாமதத்துக்கான பொறுப்பு உங்கள் தலையில் ஏறும். மின்சாரத்தைத் துண்டிப்பதும் அப்படித்தான். மாறாக, எந்த நாளிலும் வந்து எடுக்கலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள்; வந்தவர்கள் எடுத்ததைப் பட்டியல் போட்டு, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அப்போது தாமதம் முழுக்க அவர்களுடையது என்பதற்கு அவர்கள் கையெழுத்தே சாட்சியாகும். செக் சிறியதாக வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம், ‘பகுதித் தொகை’ என்று எழுதிக்கொடுத்து. இறுதிக் கணக்குத் தாளில் மட்டும், தளம் தண்ணீர் சோதனையைத் தாண்டிய பிறகு கையெழுத்திடுங்கள்.