இருபது வினாடிப் படத்திற்கு ஒரு முன்னுரை

மாணவர்களே! மேலிருந்து விழும் பந்தை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஆனால் அதை வரையச் சொன்னால் சரியாக வரைவீர்களா? ஒரு பள்ளியில் மாணவர்களே செய்த அசைவூட்டப் படங்கள் முதன்முறையாகத் திரையிடப்பட்டபோது, அறிமுக உரையாற்றிய அறிவியல் ஆசிரியை இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார். விருந்தினனாக நானும் அங்கே இருந்தேன். அவர் பேசியது சில நிமிடங்களே. ஆயினும் அதனுள் ஒரு முழு இயற்பியல் பாடம் இருந்தது. அதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

“முதல் படம் 20 வினாடிதான் ஓடும். அதற்காக 240 தாள்களில் வரைந்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு முறை கண் சிமிட்டினால் இரண்டு தாள்கள் போய்விடும்” என்று அவர் தொடங்கினார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. கணக்கு எளியதுதான். வினாடிக்கு 12 படங்கள் வீதம் 20 வினாடிக்கு 240 படங்கள். திரைப்படங்களில் வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது வழக்கம். கையால் வரைவோர் பெரும்பாலும் ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்திவைத்து, பாதி வேலையை மிச்சப்படுத்துவார்கள்.

அடுத்து அவர் கேட்டார்: “தாளில் இருக்கும் பந்து அசைவதில்லை. திரையில் மட்டும் அசைவது ஏன்?” பல மாணவர்கள் ஒரே குரலில் “பார்வை நிலைப்பு” என்றார்கள். நீங்களும் அதையே சொல்லியிருப்பீர்கள். ஆனால் இந்த விடை போதாது. இருட்டில் எரியும் ஊதுவத்தியை வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். நெருப்பு வளையம் ஒன்று தெரியும். பார்த்த ஒளி கண்ணில் சிறிது நேரம் தங்குவதால் உண்டாகும் விளைவு இது. இதே காரணத்தால்தான் பந்தும் அசைகிறது என்றால், பந்துக்குப் பின்னாலும் ஒரு கோடு நீண்டு தெரியவேண்டும் அல்லவா? திரையில் அப்படித் தெரிவதில்லை. பந்து தெளிவாக, ஒற்றைப் பந்தாகவே நகர்கிறது.

1912-ஆம் ஆண்டில் மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். அருகருகே உள்ள இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். இடைவேளை மிகக் குறைவாக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. மிக அதிகமானால் தனித்தனியாகத் தெரிந்தன. இடைப்பட்ட ஓர் அளவில், ஏறக்குறைய 0.06 வினாடியில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தோன்றியது. எனவே படங்களை இணைத்து அசைவாக்குவது மூளையின் வேலை. தரப்பட்ட இடங்களைக் கொண்டு மூளை அசைவை ஊகிக்கிறது. ஆகவே அந்த இடங்களைத் தவறாகத் தந்தால் அசைவும் தவறாகிவிடும்.

இதைக் காட்ட ஆசிரியை ஒரு துணிச்சலான காரியம் செய்தார். முடிவான படத்தைக் காட்டுவதற்கு முன், அதே மாணவி முதலில் வரைந்து கைவிட்ட படத்தைத் திரையிட்டார். அந்த மாணவியின் சம்மதத்தைப் பெற்ற பிறகே இதைச் செய்வதாகவும் கூறினார். பந்து மேலிருந்து கீழே வந்தது. ஆனால் விழுவதாகத் தோன்றவில்லை. யாரோ கயிற்றில் கட்டி இறக்குவதுபோல் இருந்தது. பிறகு திருத்திய படம் ஓடியது. இம்முறை பந்து உண்மையாகவே விழுந்தது! இரண்டிலும் தொடங்கிய இடம் ஒன்றே, முடிந்த இடம் ஒன்றே, நேரமும் அரை வினாடிதான். அப்படியானால் வேறுபாடு எங்கே?

வேறுபாடு இடைவெளிகளில் இருக்கிறது. அரை வினாடியில் 6 நகர்வுகள். தாளில் விழும் தூரம் 18 செ.மீ. முதல் முயற்சியில் மாணவி 18-ஐ 6-ஆல் வகுத்து, நகர்வுக்கு 3 செ.மீ. எனச் சமமாகப் பங்கிட்டுவிட்டாள். அது சீரான வேகத்தில் செல்லும் பொருளின் இயக்கம். விழும் பொருளோ முடுக்கம் பெறுகிறது. ஓய்விலிருந்து விழும் பொருள் கடக்கும் தூரம் s = ½gt² என்று படித்திருக்கிறீர்கள். முதல் 1/12 வினாடியில் இது சுமார் 3.4 செ.மீ. நேரம் இருமடங்கானால் மொத்தத் தூரம் 4 மடங்கு, மும்மடங்கானால் 9 மடங்கு. எனவே அடுத்தடுத்த நகர்வுகள் 1, 3, 5, 7, 9, 11 என்ற விகிதத்தில் வளரும். கலிலியோ கண்டறிந்த ஒற்றைப்படை எண் விதி இதுதான்.

இவ்வெண்களைக் கூட்டினால் 36 வரும். 18 செ.மீ.-ஐ 36 பங்காக்கினால் ஒரு பங்கு 0.5 செ.மீ. ஆகவே மாணவி வரைந்த இடைவெளிகள் 0.5, 1.5, 2.5, 3.5, 4.5, 5.5 செ.மீ. பந்து தரையைத் தொட்டபின் மேலெழும்போது இந்த வரிசை தலைகீழாகும். அவள் 7, 5, 3, 1 பங்குகள் என நான்கு நகர்வுகள் வைத்தாள். மொத்தம் 16 பங்கு, அதாவது 8 செ.மீ. விழுந்த உயரத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ரப்பர் பந்துக்கு இது பொருந்தும்.

இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. தாளில் உள்ள 18 செ.மீ., உண்மையில் எவ்வளவு உயரம்? ஒரு பங்கு 3.4 செ.மீ. என்றால் 36 பங்குக்கு ஏறத்தாழ 122 செ.மீ.; அதாவது ஒரு மேசையைவிட நன்றாகவே அதிகம். அதே தாளில் 11 மீட்டர் உயரத் தென்னையை வரைந்து, தேங்காயை 6 நகர்வுகளில் விழச் செய்தால் என்ன ஆகும்? மரம் பொம்மையாகத் தோன்றும். உண்மையான தேங்காய் விழ 1.5 வினாடி ஆகும். எனவே 18 நகர்வுகள் தேவை. தாளில் எத்தனை செ.மீ. வரைந்தாலும், பொருளின் பருமனைப் பார்ப்பவருக்கு உணர்த்துவது விழும் நேரமே.

ஆனால் விதியைப் பின்பற்றினாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். பந்தின் விட்டம் 2 செ.மீ.; கடைசி நகர்வோ 5.5 செ.மீ. அடுத்தடுத்த இரு பந்துகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அதனால் அந்த இடத்தில் படம் வெட்டி வெட்டிப் போவதுபோல் தோன்றக்கூடும். வினாடிக்கு 24 ஓவியங்கள் வரைந்தால் கடைசி இடைவெளி சுமார் 2.9 செ.மீ.-ஆகக் குறையும், ஆனால் உழைப்பு இருமடங்காகும். மற்றொரு வழி, வேகமான இடங்களில் பந்தைச் செல்லும் திசையில் நீள்வட்டமாக இழுத்து வரைவது. அப்படி வரையும்போது பந்து பெரிதாகிவிடாமல் குறுக்கே ஒடுக்கவேண்டும். மாணவி இரண்டாம் வழியைத்தான் கையாண்டிருந்தாள்.

“இனிப் படத்தைப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்” என்று சொல்லி ஆசிரியை அமர்ந்தார். 20 வினாடி ஓடி முடிந்ததும் மாணவர்கள் மறுபடியும் போடச் சொன்னார்கள். மூன்று முறை திரையிட்டார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள். பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்திற்கு ஒன்றாக 7 பந்துகள் வரையுங்கள். மேலிருந்து அவற்றின் தொலைவு 0, 0.2, 0.8, 1.8, 3.2, 5.0, 7.2 செ.மீ. ஆக இருக்கட்டும். மற்றொரு புத்தகத்தில் அதே 7.2 செ.மீ.-ஐச் சமமாக 1.2 செ.மீ. இடைவெளியில் பங்கிட்டு வரையுங்கள். இரண்டையும் விரலால் விரைவாகப் புரட்டி நண்பரிடம் காட்டுங்கள். எது விழுகிறது, எது இறங்குகிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.